லாயக் குழு: செம்பியை எப்போது திரும்பக் கொண்டுவருவது?

முருகேசன் (லாயப் பொறுப்பு): அனைவருக்கும் வணக்கம். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய் வந்த நம் குதிரை செம்பியின் தாடைக்கு அடியில் இருந்த கட்டி உடைந்து இன்றோடு 25 நாள் ஆகிறது. காய்ச்சல் இல்லை, தீனியும் நன்றாகத் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய கொட்டிலுக்கே கொண்டுவரலாமா?

ரஃபீக்: அண்ணா, முதல் நாளே பென்சிலின் போட்டிருந்தால் கட்டியே வந்திருக்காது என்று அன்றே சொன்னேன்.

டாக்டர் சுமதி: ரஃபீக் தம்பி, வீக்கம் தெரியாத காய்ச்சல் நாளிலேயே போட்டிருந்தால் நீங்கள் சொல்வது நடந்திருக்கும். ஆனால் கட்டி திரண்டபின் போட்டால் அது பழுப்பதுதான் தள்ளிப்போகும். அதனால்தான் சூடான ஒத்தடம் கொடுத்து உடையவிட்டோம். முருகேசன் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். செம்பி தலை குனிந்து தின்னும்போது மூக்கில் ஏதாவது வடிகிறதா?

முருகேசன்: ஆமாம் அம்மா, இடது மூக்கில் மட்டும் வெள்ளையாகக் கொஞ்சம் வடிகிறது. சளி என்று நினைத்தேன்.

மீனா: எங்கள் பட்டுவுக்கும் தடுப்பூசி போட்ட இடத்தில் கழுத்து வீங்கியிருக்கிறது. அதுவும் இதுதானா, டாக்டர்?

டாக்டர் சுமதி: மீனா, ஊசி போட்ட இடத்து வீக்கம் பெரும்பாலும் வேறு காரணத்தால் வருவது, ஆனாலும் காலையும் மாலையும் பட்டுவின் வெப்பநிலையைப் பாருங்கள். காய்ச்சல் வந்து ஓரிரு நாள் கழித்தே குதிரை கிருமியை வெளியிடத் தொடங்கும் என்பதால், 101.5 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியவுடன் பிரித்துவிட்டால் மற்றவை தப்பிக்கும்.

செம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய், குதிரைக்கு இருபுறமும் பெரிய காற்றுப்பையாக விரிந்திருக்கிறது. தொண்டைக்குப் பின்னுள்ள நெறிகட்டி உள்பக்கமாக உடைந்தால் சீழ் அந்தப் பையில் இறங்கித் தேங்கும். நாளடைவில் இறுகிக் கூழாங்கல் போல உருண்டைகளாகிவிடும். வெளியே குதிரை பூரண நலத்தோடு தெரியும், ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும். நோய் கண்டவற்றில் பத்தில் ஒன்று வரை இப்படி ஆகக்கூடும். ஒரு மூக்கில் மட்டும் வடிவது எனக்கு அந்தச் சந்தேகத்தைத் தருகிறது.

ரஃபீக்: அப்படியானால் மூக்கில் பஞ்சு வைத்துத் துடைத்துச் சோதித்தால் போதுமே?

டாக்டர் சுமதி: போதாது. பையிலிருந்து கிருமி விட்டுவிட்டே வெளிவரும். சோதித்த அன்று வராவிட்டால் இல்லை என்று வந்துவிடும். எண்டோஸ்கோப்பை இரு பைகளுக்குள்ளும் விட்டுப் பார்த்து, கழுவி எடுத்த நீரைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். உருண்டை இருந்தால் அதை எடுத்தபின், பென்சிலின் கலந்த ஜெலட்டினைப் பைக்குள்ளேயே செலுத்துவோம்.

முருகேசன்: செலவை லாயம் ஏற்பதா, உரிமையாளர் ஏற்பதா என்று முடிவாகவில்லை அம்மா. அதுவரை?

டாக்டர் சுமதி: அதுவரை செம்பி தனியாகவே இருக்கட்டும். தனி வாளி, தனித் தேய்ப்பான், முடிந்தால் தனி ஆள். ஒரே ஆள் என்றால் செம்பியைக் கடைசியாகப் பார்த்து, ஆடையும் காலணியும் மாற்றட்டும். தண்ணீரில் இக்கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே பொதுத் தொட்டியை இன்றே காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள்.

முருகேசன்: தொட்டியில் நேற்றுப் பட்டுவும் குடித்தது. இப்போதே வெப்பநிலை பார்க்கச் சொல்கிறேன்.

மீனா: பார்த்துவிட்டேன் அண்ணா, 101.8 காட்டுகிறது. வெயிலில் நின்றிருந்தது, நிழலில் கட்டி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறேன்.

டாக்டர் சுமதி: நிழலில் கட்டும்போதே மற்றவற்றிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள், மீனா. நான் புறப்படுகிறேன்.