சட்டையில் விழுந்த கோடு: ஓட்டுநர் கதையைப் பற்றிய விவாதம்

வாசல்திண்ணை:

அரசுப் பேருந்தை இரவில் ஓட்டும் ஒருவர் மெல்ல எடை குறைவதைப் பற்றி நான் எழுதிய சிறுகதை கீழே உள்ளது. அவர் 14 மாதங்களில் 8 கிலோ குறைவது வாசகருக்குச் சலிப்புத் தரும் அளவுக்கு மெதுவானதா, அல்லது அதுதான் உண்மைக்கு நெருக்கமானதா? கதையில் எந்த இடத்தில் பொய் தெரிகிறது?

*கிளாம்பாக்கத்தில் இரவு எட்டு மணிக்கு எடுக்கும் வண்டியை அவர் மறுநாள் காலை திருநெல்வேலியில் கொண்டுபோய் நிறுத்துவார். பகலில் அங்கே ஓய்வறையில் தூங்கிவிட்டு, இரவு அதே வழியில் திரும்புவார். வாரத்தில் நான்கு இரவுகள் இப்படியே போகும். புறப்படுமுன் மூன்று பஜ்ஜியும் ஒரு டீயும் சாப்பிடுவார். விழுப்புரம் தாண்டியதும் வண்டி ஒதுங்கும் சாலையோர உணவகத்தில், ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் என்று தனியாகப் போட்டிருக்கும் மேசையில் மூன்று பரோட்டாவும் சால்னாவும் இரட்டை ஆம்லெட்டும் வந்துவிடும். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். பிறகு விடியும்வரை ஐந்து டீ.*

*அவருடைய சீருடைச் சட்டையில் வயிற்றுக்கு மேல் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். ஸ்டியரிங் வளையத்தின் அடிப்பக்கம் உரசி உரசிப் படிந்த அழுக்கு அது. மனைவி அந்த இடத்தில் மட்டும் சோப்பை இரண்டு முறை போட்டுத் தேய்ப்பாள். ஒருநாள் தேய்த்த இடத்தில் துணி இற்றுப்போய் விரல் தெரிந்தது. அவள் ஒன்றும் பேசாமல் சட்டையை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.*

*முதலில் சர்க்கரையைக் குறைத்தார். திருச்சி டீக்கடையில் பாதிச் சர்க்கரை போதும் என்றார். இரண்டு வாரம் அது வெந்நீர் போலிருந்தது. மூன்றாம் வாரம் பழைய டீயைத் தற்செயலாகக் குடித்தபோது தொண்டையில் பாகாய் ஒட்டியது. ஆறு டீ நான்காயிற்று. அடுத்து, பஜ்ஜியை விட்டு, மாலை ஆறரைக்கே வீட்டில் சோறும் கீரையும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். உணவகத்தில் பசி பாதியாகியிருந்தது. மூன்று பரோட்டாவில் ஒன்றை நடத்துநரின் இலைக்கு மாற்றினார், பிறகு இரண்டை, கடைசியில் தட்டே வேண்டாம் என்றார். எவர்சில்வர் டப்பாவில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் இருந்தன. பொங்கல் கூட்டத்துக்குத் தொடர்ந்து பதினொரு இரவு ஓட்டியபோது எல்லாம் பழையபடி ஆகி இரண்டு கிலோ ஏறியது. இறங்க ஒரு மாதம் பிடித்தது.*

*அடுத்த ஆண்டு ஒரு காலையில், துவைக்கும் கல்லில் சட்டையைப் பிரித்த மனைவி கோட்டைத் தேடினாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மற்றத் துணிகளோடு சேர்த்து நனைத்தாள்.*

பசிநேரம்:

மெதுவாக இருப்பது குறையில்லை; தவறான வழியைக் கதை சரியென்று காட்டுவதுதான் குறை. இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பிடுவதெல்லாம் கொழுப்பாகவே சேரும். அவர் பரோட்டாவுக்குப் பதில் முட்டையும் சுண்டலும் சாப்பிடுகிறார், ஆனால் நேரம் அதே இரவு பதினொன்றுதானே? ஆறரை மணிச் சோற்றோடு நிறுத்திவிட்டு விடியும்வரை தண்ணீர் மட்டும் குடித்திருந்தால் நான்கே மாதத்தில் இந்த 8 கிலோவும் போயிருக்கும். நான் அப்படித்தான் குறைந்தேன்.

இரவுவண்டி:

பத்தொன்பது ஆண்டுகளாகத் தனியார் ஆம்னி பேருந்து ஓட்டுகிறேன். மேலே எழுதியிருப்பவரின் யோசனையை எங்கள் தொழிலில் இருப்பவர் யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், எடை குறையட்டும் என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்டேன். விராலிமலை தாண்டும்போது கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது, எதிரே வரும் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஓரமாக நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த ஒரு பயணியிடம் மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் முப்பத்தாறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கதையில் எனக்கு வேறொரு குறை தெரிகிறது. தொப்பை ஸ்டியரிங்கில் இடித்தால் ஓட்டுநர் முதலில் செய்வது இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவதுதான். அப்போது கோடு விழாது. அதற்குப் பதில் கிளட்சை மிதிக்கும் இடது கால் முழுதாக நீண்டு, இடுப்பு வலி வரும். தொப்பை குறைந்தபோது நான் அறிந்த முதல் மாற்றமே இருக்கையை ஒரு பல் முன்னுக்கு இழுக்க முடிந்ததும், முழங்கால் மடங்கியதும்தான்.

உணவியல்_மதுரை:

நான் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றில் தவறினால் எடைதான் கூடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே இரவு உணவைக் குறைக்கும் ஓட்டுநர், குறைக்குமுன் மருத்துவரிடம் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வந்த நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை இறங்கியதன் சரியான அடையாளங்கள். நீங்கள் வண்டியை நிறுத்தியதும் சரி.

பசிநேரம் சொல்வதில் பாதி உண்மை. ஒரே சோற்றைப் பகலில் உண்பதைவிட நள்ளிரவில் உண்டால் இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், நெடுநேரம் நிற்கும். ஆனால் உண்டதெல்லாம் கொழுப்பாகும் என்பது சரியில்லை; நாள் முழுவதும் உள்ளே போனதற்கும் செலவானதற்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. தண்ணீரோடு விடியவிட்டவர்கள், வண்டியை விட்டு இறங்கியதும் பொங்கலும் இரண்டு வடையும் பூரியும் சாப்பிட்டு இரவுக் கணக்கை நேர்செய்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். போதாத தூக்கமும் பசியைக் கூட்டிவிடுகிறது.

கதையின் கணக்கைப் பார்ப்போம். பஜ்ஜி, பரோட்டா, சால்னா, ஆம்லெட் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1500 கலோரி. சோறும் கீரையும், பின்னர் முட்டையும் சுண்டலும் என்றால் 850 அளவில் வரும். டீயில் இன்னும் 200 மிச்சம். ஆக ஓர் இரவுக்கு 850 குறைகிறது. உடல் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7700 என்று வைப்பது வழக்கம். நான்கு இரவுகளைப் பெருக்கிப் பார்த்தால் 8 கிலோ மிக எளிதாகவே வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். அதனால்தான் கதை எனக்கு இடறியது.

சங்கப்பலகை:

அந்த இடறலுக்குக் காரணம் கதையிலேயே இருக்கிறது. நான்கு இரவுகளில் இரண்டு இரவுகள் அவர் திருநெல்வேலியிலிருந்து புறப்படுகிறார். அந்த மாலையில் வீட்டுச் சோறும் கீரையும் எங்கிருந்து வரும்? மனைவி அவித்த முட்டை இரண்டாம் இரவுவரை டப்பாவில் தாங்குமா? என் தந்தை பணிமனை ஓய்வறையில் தங்கிய காலத்தில் மாலை ஏழு மணிக்கு அருகில் கிடைத்தது புரோட்டாக் கடை ஒன்றுதான்.

இலவசச் சாப்பாட்டையும் கதை எளிதாகக் கடந்துவிடுகிறது. அது அன்பளிப்பன்று; நாற்பது பயணிகளை அங்கே இறக்கிவிடுவதற்கான கூலி. தட்டு வேண்டாம் என்று சொல்கிற ஓட்டுநர் தன் சம்பளத்திலிருந்து வேறு உணவு வாங்க வேண்டியிருக்கிறது. ஓய்வறையில் ஒரு சமையல்காரரை வைத்தால் தீரக்கூடிய ஒன்றை, ஒரு மனிதரின் மன உறுதியைப் பற்றிய கதையாக மாற்றியிருக்கிறீர்கள். துணி இற்றுப்போனதை அவர் முன்னால் விரித்துக் காட்டும் இடத்தில், பழி முழுவதும் அவர்மேல் விழுகிறது.

உணவியல்_மதுரை:

திருநெல்வேலி இரவுகளை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வாரத்தில் இரண்டு இரவு 850, மற்ற இரண்டு இரவு டீயில் மட்டும் 200. வாரத்துக்கு 2100. அறுபது வாரத்தில் காகிதத்தில் 16 கிலோ வரும். மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, விடுப்பு நாளில் பசி கொஞ்சம் கூடும், இளைத்த உடலுக்குச் செலவும் குறையும். இவற்றைக் கழித்தால் 8 கிலோ என்பது நான் மருத்துவமனையில் பார்க்கும் மனிதர்களோடு நன்றாகவே பொருந்துகிறது.

பொருந்தாதது பொங்கல்தான். பதினொரு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தினமும் 1400 கலோரி மிகையாக உண்ண வேண்டும். சால்னாவின் உப்பும் மைதாவும் உடலில் பிடித்துவைக்கும் நீர்தான் அதில் பெரும்பங்கு; பழைய உணவுக்குத் திரும்பினால் பத்து நாளுக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். ஒரு மாதம் என்பதைத் திருத்துங்கள். பலர் இந்த இடத்தில்தான், எல்லாம் வீணாயிற்று என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். எடை இயந்திரத்தைவிட, மூச்சை விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் வாரம் ஒருமுறை பிடிக்கும் நாடா அவரைக் குறைவாக ஏமாற்றும். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பசிநேரம்:

மாத்திரை எடுப்பவர்களை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நோயில்லாத ஓட்டுநர் நள்ளிரவில் எதையும் உண்ணாமல் இருப்பதே மேல் என்ற கருத்தில் மாற்றமில்லை. நிறைய உண்டவருக்குத்தான் மூன்று மணிக்குக் கண் செருகும்.

இரவுவண்டி:

மூன்று மணிக்கு உண்டவருக்கும் செருகும், உண்ணாதவருக்கும் செருகும். வயிறு நிறையப் பரோட்டா தின்ற இரவில் அது இரண்டு மணிக்கே வந்துவிடும் என்பது உண்மை. வெறும் வயிற்றோடு ஓட்டும்போது வருவது தூக்கமன்று, எரிச்சல். முன்னால் போகும் லாரியை முந்தியே தீர வேண்டும் என்று தோன்றும். எனக்கு இரண்டு முட்டை போதுமானதாக இருக்கிறது.

வாசல்திண்ணை:

திருநெல்வேலி மாலையை எழுதாமல் விட்டது என் தவறு. அவர் அங்கே பகலில் எழுந்ததும் கடைத்தெருவில் அவித்த கடலையும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொள்வதாகவும், சில இரவுகளில் அதுவும் கிடைக்காமல் பரோட்டாவையே உண்பதாகவும் மாற்றி எழுதுகிறேன். பொங்கல் பத்தியில் ஒரு மாதம் பத்து நாளாகிறது. பழி யார்மேல் விழுகிறது என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. மனைவி சட்டையை விரித்துக் காட்டும் இடத்தை எடுத்துவிட்டால் கதை எப்படித் தொடங்கும் என்றும் தெரியவில்லை.

இரவுவண்டியிடம் ஒன்று கேட்க வேண்டும். அரசு வண்டியில் ஒவ்வொரு முறையும் ஒரே வண்டி கிடைக்காது. அப்படியிருக்க, இருக்கையை ஒரு பல் முன்னுக்கு இழுத்ததை அவர் எப்படி அறிவார்?

இரவுவண்டி:

முதல் நாள் ஓட்டியவர் விட்டுப்போன இடத்திலிருந்துதான் எல்லோரும் இருக்கையைத் திருத்துவோம். எந்த வண்டியில் ஏறினாலும் முன்பெல்லாம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர், ஓர் இரவு எதையும் தொடாமல் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். அதை எழுதுங்கள்.