புதுப்பிப்பு: குழந்தை லோஷன் விளம்பர வசனம்

நான் முன்பு கேட்டது: "குழந்தை லோஷனுக்கான 30 விநாடி விளம்பரத்தில் ‘100% பாதுகாப்பானது, ஒவ்வாமையே வராது’ என்று எழுதச் சொல்கிறார்கள். பெற்றோரை ஏமாற்றாமல் எப்படி எழுதுவது?"

குழந்தைகள் நலச் செவிலியர் ஒருவர் வசனத்தை விட்டுவிட்டுக் காட்சியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். கடுகுத் தலையணையில், பொம்மைகள் சூழக் குழந்தை குப்புறத் தூங்குவதாக இயக்குநர் வரைந்திருந்தார். ஒரு வயது வரை தலையணையோ பொம்மையோ இல்லாத உறுதியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்பதால், அதை அப்படியே மாற்றிவிட்டோம்.

குழந்தைப் பொருள் விளம்பரமே சட்டப்படி கூடாது என்றார் இன்னொருவர். இந்தியாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவு, பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தை; லோஷன் அதில் வராது. ஆனாலும் பின்னணியில் இருந்த பால்புட்டியை எடுத்துவிட்டோம்.

தன் மகனின் கரப்பான் தோல் நோய்க்கு எந்த லோஷன் நல்லது என்று கேட்ட அக்காவுக்கு, மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

இப்போதைய வசனத்தில் தாய், "புதுசா எதைத் தடவினாலும் பயமா இருக்கு" என்கிறாள். பாட்டி அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல், "முதல்ல கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பாரு, சிவந்தா நிறுத்திடு" என்கிறார். அறிவிப்பாளர் குரல், "தோல் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டது, வாசனைப் பொருள் சேர்க்கப்படவில்லை" என்பதோடு நிற்கிறது. இவ்விரண்டுக்கும் ஆய்வக அறிக்கையை வாங்கி வைத்திருக்கிறோம். வெள்ளைக் கோட்டு நடிகர் வேண்டும் என்று வாடிக்கையாளர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார்.