மணல் படுகையின் குறைந்தபட்சப் பாய்மமாக்கு வேகம்: 6.7, 7.7, 8.6 – எதை எடுப்பது?

வெண்மணல்:
மணல் படுகை காற்றில் மிதக்கத் தொடங்கும் வேகத்தை அளக்கிறேன். 10 செ.மீ. உள்விட்டக் குழாயில் 2.4 கிலோ மணல் போட்டிருக்கிறேன். சராசரி விட்டம் 300 மைக்ரான், அடர்த்தி 2650 கிலோ/க.மீ., காற்று அறை வெப்பநிலையில். காற்றை ஏற்றிக்கொண்டே போனால் 6.7 செ.மீ./வி. வேகத்தில் அழுத்த இறக்கம் படுகையின் எடையைத் தொடுகிறது. ஆனால் அங்கே நிற்காமல் 3300 பாஸ்கல் வரை ஏறி, பிறகு 2950-க்கு இறங்கி நிலைக்கிறது. காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தால் 8.6 செ.மீ./வி. வரை அந்த 2950 மாறவில்லை, அதற்குக் கீழேதான் சரிகிறது. வென்–யூ சூத்திரம் 7.7 தருகிறது. அறிக்கையில் எதை எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
7.7 எழுதுங்கள். ஆர்க்கிமிடிஸ் எண் உங்கள் மணலுக்கு ஏறக்குறைய 2600 வருகிறது.

```
Re_mf = sqrt(33.7^2 + 0.0408*Ar) - 33.7
      = sqrt(1135.7 + 106) - 33.7 = 1.54
U_mf  = Re_mf * mu/(rho*d) = 0.077 m/s
```

உங்கள் இரண்டு அளவீடுகளும் இதன் இரு பக்கமும் விழுந்திருக்கின்றன. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று என்று வந்தால் கருவியில் ஏதோ தயக்கம் இருக்கிறது என்று அர்த்தம். சராசரி எடுத்தாலும் 7.65 வருகிறதே!

மானோமீட்டர்:
சராசரி எடுக்கவே கூடாது. இரண்டு அளவும் சரியானவை, ஆனால் இரண்டு வெவ்வேறு படுகைகளின் அளவுகள். வெண்மணல், ஒரு விவரம் தேவை: காற்று விடுவதற்கு முன் படுகை எவ்வளவு உயரம் இருந்தது, காற்றை முழுக்க நிறுத்திய பிறகு எவ்வளவு?

வெண்மணல்:
முன்பு 19.2 செ.மீ. நிறுத்திய பிறகு 20.2 செ.மீ.

மானோமீட்டர்:
விஷயம் அந்த ஒரு செ.மீ.க்குள்தான் இருக்கிறது. மணலைக் கொட்டும்போது தட்டி நிரப்பியிருப்பீர்கள், அதனால் அடைசலாக உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை கொதிக்கவிட்டுக் காற்றை மெல்லக் குறைத்தால் துகள்கள் தளர்வாகப் படிகின்றன. துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிட விகிதமான ε-ஐ உயரத்திலிருந்தே எடுத்துவிடலாம்:

```
eps = 1 - m/(rho_p*A*L)
L = 0.192 m  ->  eps = 0.40
L = 0.202 m  ->  eps = 0.43
```

இப்போது எடைச் சமநிலைக்கு வருவோம். ஒரு மீட்டர் உயரத்துக்கான அழுத்த இறக்கம் எர்கன் சமன்பாட்டிலிருந்து கிடைக்கிறது. அது (1-ε)(ρp-ρg)g-க்குச் சமமாகும் இடம்தான் நீங்கள் தேடும் வேகம். 300 மைக்ரான் மணலில் பிசுக்குமைப் பகுதிதான் பெரும்பங்கு. அதை மட்டும் வைத்துப் பார்த்தால் வேகம் ε³/(1-ε)-க்கு நேர்விகிதத்தில் போகும். 0.40-க்கு இதன் மதிப்பு 0.107, 0.43-க்கு 0.139. விகிதம் 1.31. நீங்கள் அளந்தது 8.6/6.7, அதாவது 1.28. துகள் எவ்வளவு உருண்டை என்பதைச் சொல்லும் கோளவடிவம் φ-ஐ 0.86 என்று வைத்து இரண்டு பகுதிகளோடும் முழுச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.7-ம் 8.7-ம் வருகின்றன. கருவியில் தயக்கம் எதுவும் இல்லை.

அறிக்கைக்கு 8.6 எழுதுங்கள். ஏறும்போது கிடைக்கும் அளவு நீங்கள் எப்படிக் கொட்டினீர்கள், எத்தனை தட்டுத் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. நாளைக்கு வேறு எண் வரும். இறங்கும்போது கிடைப்பது திரும்பத் திரும்ப அதே இடத்தில் வரும்.

ஊதுலை:
எனக்கு இதில் வேறு சந்தேகம். எடையைத்தானே சமன் செய்கிறோம்? 2.4 கிலோவுக்கு 8.6 என்றால் 4.8 கிலோ போட்டால் 17 ஆகும். அப்படியானால் படுகையின் உயரத்தைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் எழுதுவது எப்படிச் சரி?

மானோமீட்டர்:
அழுத்த இறக்கத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், வேகத்துக்குப் பொருந்தாது. இரண்டு மடங்கு மணலைப் போட்டால் தாங்க வேண்டிய எடை இரட்டிக்கிறது. ஆனால் காற்று கடக்க வேண்டிய தூரமும் இரட்டிக்கிறது, அதே வேகத்திலேயே இழுவையும் இரட்டிப்பாகிவிடும். சமன்பாட்டின் இரு பக்கத்திலும் உயரம் அடிபட்டுப் போகிறது. வேகம் 8.6-லேயே நிற்கும், ஊதுகுழல்தான் 3000-க்குப் பதில் 6000 பாஸ்கல் தள்ள வேண்டியிருக்கும்.

ஊதுலை:
சரி, ஊதுகுழலைத் தேர்வு செய்யும்போது எடை, வேகத்துக்குத் துகள். அப்படியென்றால் 3300 என்ற அந்த உச்சம் எதற்கு? எடை 3000-தானே?

மானோமீட்டர்:
எடையைச் சரிபார்ப்போம்: 2.4 × 9.81 = 23.5 நியூட்டன். பரப்பு 0.00785 ச.மீ. ஆக 3000 பாஸ்கல். அடைசலாக உட்கார்ந்த துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டும் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டும் இருக்கின்றன. அந்தப் பிடியை உடைக்க எடைக்கு மேல் கொஞ்சம் கூடுதல் விசை வேண்டும். அந்தக் கூடுதல்தான் 300 பாஸ்கல். பிடி விட்டதும் படுகை விரிந்து, அழுத்தம் எடைக்கு இறங்கிவிடும். குழாய் ஒடுங்க ஒடுங்க இந்த உச்சம் பெரிதாகும். இறங்கும் வளைவில் இது இருக்கவே இருக்காது. அந்தப் பக்கத்து எண்ணை எடுக்க அதுவும் ஒரு காரணம்.

கணக்குப்பிள்ளை:
இதை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. 300 மைக்ரானில் 6 சதவீதப் பிழை இருந்தாலே வேகத்தில் 12 சதவீதம். 7.7-க்கும் 8.6-க்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். சல்லடையில் எடுத்த விட்டத்துக்கு அவ்வளவு பிழை சாதாரணம். கோளவடிவம் 0.86 என்பதும் நீங்களாக வைத்த எண். இரண்டு தெரியாத எண்களை விருப்பப்படி வைத்தால் எந்த அளவீட்டோடும் பொருத்திக் காட்டலாம்.

மானோமீட்டர்:
நியாயமான கேள்வி. விட்டத்தையும் கோளவடிவத்தையும் நம்பி 8.7 என்று மட்டும் சொல்லியிருந்தால் உங்கள் பக்கம்தான் சரி. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். 8.6/6.7 என்னும்போது விட்டமும் கோளவடிவமும் அடிபட்டுப் போகின்றன. இரண்டு ஓட்டத்திலும் அதே மணல். மிஞ்சுவது வெற்றிட விகிதம் மட்டும், அதையும் அளவுகோலால் அளந்தாயிற்று.

வென்–யூ ஏன் நடுவில் விழுகிறது என்பதும் இதே கணக்கில் தெரியும். 1966-இல் அவர்கள் செய்தது, கோளவடிவமும் வெற்றிட விகிதமும் தெரியாதபோது (1-ε)/(φ²ε³) என்ற தொகுப்பை 11 என்று வைத்துக்கொண்டது. உங்கள் தளர்ந்த படுகைக்கு அது 9.7, அடைசலான படுகைக்கு 12.7. சூத்திரம் 0.42-க்குப் பக்கத்தில் ஒரு வெற்றிட விகிதத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. மணல் கையில் இல்லாதபோது அதைவிட எளிய வழி இல்லை. கையில் இருக்கும்போது அளந்த எண்ணை விட்டு அதைப் பிடித்துக்கொள்வது எதற்கு?

கணக்குப்பிள்ளை:
விகிதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயரத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தார்? மேற்பரப்பு சமமாக இல்லாவிட்டால்?

மானோமீட்டர்:
20 செ.மீ.யில் 1 மி.மீ. பிழை என்றால் வேகத்தில் ஏறக்குறைய 2.5 சதவீதம். குழாயைச் சுற்றி நான்கு இடத்தில் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். காற்றை நிறுத்திய பிறகு குழாயைத் தொடக்கூட வேண்டாம். ஒரு தட்டு தட்டினால் படுகை மறுபடி இறுகி, அந்தத் தளர்வு போய்விடும்.

நுண்பொடி:
எங்கள் பொடி சராசரி 15 மைக்ரான். கணக்குப்படி மிகமிகக் குறைந்த வேகமே போதும், நாங்கள் அதைப்போல் பல மடங்கு விடுகிறோம். ஆனாலும் அழுத்தம் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டவில்லை. உங்கள் 2950-ம் எடைக்குக் குறைவாகத்தானே இருக்கிறது? வெண்மணலுக்கும் இதே கோளாறுதான் என்று நினைக்கிறேன். இன்னும் காற்றைக் கூட்டச் சொல்லுங்கள்.

மானோமீட்டர்:
இரண்டும் ஒன்றல்ல. 3000-க்கு 2950 என்றால் 2 சதவீதம் கூடக் குறையவில்லை, அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். 60 சதவீதம் என்றால் படுகையின் பெரும்பகுதி காற்றில் மிதக்கவே இல்லை; துளைகள் விழுந்து அவற்றின் வழியே காற்று ஓடுகிறது, மீதி எடையை அடியில் காற்றைப் பரப்பும் தட்டும் சுவரும் தாங்குகின்றன. கெல்டார்ட் 1973-இல் பிரித்த சி வகைப் பொடி உங்களுடையது. துகள்களுக்கு இடையே உள்ள ஒட்டு விசை எடையை மிஞ்சிவிடும். எடைச் சமநிலைக் கணக்கில் அந்த விசைக்கு இடமே இல்லை, ஆகவே அது தரும் வேகம் உங்களுக்குப் பயன்படாது. காற்றைக் கூட்டினால் துளைதான் பெரிதாகும். அதிர்வு கொடுத்தோ கலக்கியோ அந்தக் கட்டுகளை உடைக்க வேண்டும்.

மணலிலும் 10 சதவீதம் குறைந்தால் நான் முதலில் அழுத்தம் எடுக்கும் துளையைத்தான் பார்ப்பேன். துளை தட்டுக்கு 2 செ.மீ. மேலே இருந்தால் 20 செ.மீ. படுகையில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகிறது. துளை தட்டுக்குக் கீழே இருந்தால் தலைகீழ்: தட்டின் இறக்கமும் சேர்ந்து, நிலைக்க வேண்டிய கோடு வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். காலிக் குழாயில் அதே வேகங்களுக்கு ஓட்டி, அந்த எண்களைக் கழிக்க வேண்டும்.

வெண்மணல்:
என் துளை தட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, காலிக் குழாய் ஓட்டத்தைக் கழித்துத்தான் 2950. இன்னொரு சிக்கல்: இறங்கும்போது முனை கூர்மையாக இல்லை. 9-லிருந்து 8 வரை வளைந்து இறங்குகிறது. 8.6 என்பது இரண்டு நேர்கோட்டை நீட்டி வெட்டிய புள்ளி.

மானோமீட்டர்:
அதுதான் வழக்கமான முறை. 12 செ.மீ./வி. வேகத்தில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அரை செ.மீ. அரை செ.மீ.யாகக் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எடைக்கோடு ஒன்று, 6-க்குக் கீழுள்ள புள்ளிகள் வழியே இன்னொன்று, வெட்டுமிடம் உங்கள் விடை.

கணக்குப்பிள்ளை:
வளைவு அவ்வளவு அகலம் என்றால் மணல் ஒரே அளவில் இல்லை. 9-க்குக் கீழே வரும்போதே பெரிய துகள்கள் அடியில் தங்க ஆரம்பித்துவிடும், சிறியவை 8 வரை மிதக்கும். அப்படியென்றால் முழுப் படுகையும் மிதக்கும் வேகம் 9 என்றுதான் சொல்ல வேண்டும். வெட்டுப்புள்ளி எந்தத் துகளுக்கும் சொந்தமில்லாத எண்.

மானோமீட்டர்:
அடியில் கட்டி விழக்கூடாத உலைக்கு 9-ஐ எடுப்பதுதான் பாதுகாப்பு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வளைவு எங்கே முடிகிறது என்பதை ஆளுக்கு ஆள் வேறாகப் படிப்பார்கள். இன்னொருவர் செய்த அளவோடு ஒப்பிட வெட்டுப்புள்ளியே கைகொடுக்கும். அறிக்கையில் இரண்டையும், எந்த முறையில் எடுத்தது என்பதோடு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எழுதட்டும். ஆனால் ஒரே எண் கேட்டால் நான் 9 என்பேன். வெண்மணல், சல்லடை வாரியான எடைகளைப் போடுங்கள். சாதாரணச் சராசரி எடுத்திருந்தால் 300-ம் கூடுதலாகத்தான் இருக்கும். எடைப் பங்கை விட்டத்தால் வகுத்துக் கூட்டி, அதன் தலைகீழை எடுக்க வேண்டும்.

வெண்மணல்:
சல்லடைத் தட்டுகளைத் தனித்தனியாக நிறுத்துவிட்டு நாளை மாலை பட்டியலைப் போடுகிறேன்.