எச்டிசிபி கழுத்தறுத்த கதைகள்: உங்களுக்கு எப்போது?

மொட்டைமாடி:
மூன்று கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டேன். புது 4கே டிவி, 4கே ஸ்ட்ரீமிங் பெட்டி, நடுவில் 2014-ல் வாங்கிய, ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் ரிசீவர். பெட்டியின் மெனு 4கே-யில் பளிச்சென்று வரும், படத்தை ஓட்டினால் 1080-க்கு இறங்கிவிடும். ரிசீவரின் அட்டையில் எச்டிஎம்ஐ 2.0 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே! மச்சான் வந்து, ரிசீவரை விட்டுவிட்டுப் பெட்டியை நேராக டிவியில் சொருகினான். அடுத்த நொடி 4கே. அவன் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் உறுத்துகிறது.

பழையரேடியோ:
என்னிடமும் அதே காலத்து ரிசீவர்தான். எச்டிஎம்ஐ 2.0 என்றால் எவ்வளவு பெரிய படம் போகும் என்ற கணக்கு. எச்டிசிபி 2.2 என்பது படத்தை யாரும் நகலெடுக்காமல் இருக்கப் போடும் பூட்டு. அந்த வருஷம் வந்த பல ரிசீவர்களில் முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது. பெட்டி, ரிசீவர், ஸ்பிளிட்டர், டிவி என்று வழியில் நிற்கும் எல்லாரும் சாவியைக் காட்ட வேண்டும். நடுவில் ஒன்று பழைய எச்டிசிபி 1.4-லேயே நின்றுவிட்டால் பூட்டுப் போட்ட 4கே அதைத் தாண்டாது. 1080 வரும், இல்லாவிட்டால் கறுப்புத் திரை. மெனுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ரிசீவரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டி டிவியிலேயே இருக்கட்டும். டிவியில் ARC என்று எழுதிய துளையிலிருந்து ரிசீவரின் ARC துளைக்கு ஒரு கேபிள் இழுத்தால் ஒலி அங்கே போய்விடும். இன்னொன்று, அந்தக் காலத்து 4கே டிவிகள் சிலவற்றில் ஒன்றிரண்டு துளைகளில்தான் 2.2 இருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

கடலூர்காரன்:
கேபிளுக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி பேசுகிறீர்களே. என் 10 மீட்டர் கேபிளில் படம் நடுநடுவே கறுத்துப்போகும். "எச்டிசிபி 2.2" என்று அச்சடித்த 2 மீட்டர் கேபிள் வாங்கினேன், நின்றுவிட்டது. அப்போ கேபிளிலும் ஏதோ இருக்கிறது.

பழையரேடியோ:
அச்சைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். சாதாரண கேபிளிடம் சாவியும் இல்லை, அதை யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் சாவிப் பேச்சு கேபிளில் உள்ள மெல்லிய கம்பிகள் வழியாகத்தான் நடக்கிறது. நீளத்தில் அது தடுமாறினால் திரை கறுக்கும். அச்சில்லாத 2 மீட்டர் கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

கடலூர்காரன்:
காசு கொடுத்து வாங்கியது நான். ஓடுகிற கேபிளை ஏன் கழற்ற வேண்டும்?

சாந்திடீச்சர்:
எங்கள் வகுப்பில் பழைய விஜிஏ புரொஜெக்டர். எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் குட்டிப் பெட்டி மாட்டியிருந்தோம். என் ஸ்லைடுகள் ஒழுங்காக வந்தன. வாடகைக்கு எடுத்த படத்தைப் போட்டதும் கறுப்பு. நாற்பது பிள்ளைகளும் "ஓ"வென்று கத்தினார்கள். புது கேபிள் வாங்கினால் சரியாகுமா?

மொட்டைமாடி:
டீச்சர், கேபிளா! மறுபடியும் முதலிலிருந்தா? விஜிஏவிடம் காட்டச் சாவியே கிடையாது.