எண்போலியா, இலக்கச்சரமா? ஒரு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட், கணினி வகுப்பு ஆசிரியை:

அன்பர்களுக்கு வணக்கம். என் வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டு செம்பனைக் குலைகளின் எடையை ஒப்பிட இந்தப் பைதான் நிரலை எழுதினாள்.

```python
a = input("முதல் குலை: ")
b = input("இரண்டாம் குலை: ")
print(a > b)
```

25, 18 என்று கொடுத்தபோது `True` என்று சரியாகவே வந்தது. 9, 10 என்று கொடுத்தபோதும் `True` என்றே வந்ததால், ஒன்பது கிலோக் குலை பத்துக் கிலோக் குலையை விடக் கனமாகிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. `input()` தருவது சரம் என்று நான் விளக்கியும், "திரையில் எண்தானே தெரிகிறது, டீச்சர்?" என்று அவள் கேட்டாள். எண்ணாகத் தோன்றும் இந்தச் சரத்தை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது?

லூனாஸ், கல்லூரி மாணவர்:

'முதற்போலி', 'கடைப்போலி' என்று இலக்கணத்தில் படித்ததைப் போல 'எண்போலி' எனலாமே, டீச்சர். சரமாக ஒப்பிட்டால் விடை எப்போதும் தவறாகத்தான் வரும். ஆகையால் எதைப் பெற்றாலும் உடனே `int()` போட்டுவிட வேண்டும்.

பாகாவ், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி:

தம்பி, எதைப் பெற்றாலும் என்றால் அடையாள அட்டை எண்ணையுமா? தொழிலாளர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியபோது, 2005இல் பிறந்தவர்களின் எண்ணில் முன்னிருந்த சுழியம் காணாமற்போய், பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாயிற்று. டீச்சர் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஈப்போ, நிரலர்:

கிராணி ஐயா சொல்வது இதற்கு நேர்மாறான சிக்கல். எனினும் சொல்லைத் தேர்வதற்கு அது உதவுகிறது. அடையாள அட்டை எண் சரமாகவே இருக்க வேண்டியது என்பதால், அதைப் போலி என்று அழைப்பது பொருந்தாது. 'இலக்கச்சரம்' என்றால், இலக்கங்களால் ஆன சரம் என்பதற்கு மேல் அது குற்றம் எதையும் சுமத்தவில்லை.

தம்பியின் 'எப்போதும்' என்பதையும் திருத்த வேண்டும். அகராதியில் மூன்றெழுத்துக் 'கடல்' ஓரெழுத்துப் 'பூ'வுக்கு முன்னே நிற்பதைப் போல, சர ஒப்பீடும் நீளத்தைப் பார்க்காமல் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறது. '9'இன் குறியெண் 57, '1'இன் குறியெண் 49. அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடுவதால் பத்தின் சுழியத்தை அது பார்ப்பதே இல்லை. இலக்கங்களின் எண்ணிக்கை சமமான முழு எண்களில் விடை சரியாக வருவதால்தான் 25, 18 ஆகியவை மாணவியை ஏமாற்றின. எனவே 9, 10 போன்ற இணையைக் கொண்டே சோதிக்கச் சொல்லுங்கள். `print(repr(a))` என்று எழுதினால் `'9'` என மேற்கோள் குறியோடு தெரியும். `a = int(input("முதல் குலை: "))` என்று இரு வரிகளையும் மாற்றினால் போதும்; 12.5 கிலோ வந்தால் `int()` நின்றுவிடும், அங்கே `float()` வேண்டும்.

சுங்கை சிப்புட், ஆசிரியை:

நன்றி ஐயா. வகுப்பில் இரண்டு சொல்லையும் சொன்னேன். பிள்ளைகள் 'எண்போலி'யையே பிடித்துக்கொண்டார்கள். பாடக்குறிப்பில் மட்டும் 'இலக்கச்சரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். 12.5இல் புள்ளியும் இருக்கிறதே. அதையும் இலக்கச்சரம் எனலாமா?