உருமாற்றிய வெட்டுமுக முறை: கம்பியின் தகைவு வெறும் 19 மெகாபாஸ்கல்தானா?

இளவேனில்:
பணிச்சுமையில் ஓர் உத்திரத்தின் தகைவுகளைக் கணக்கிடுகிறேன். அகலம் 300 மி.மீ., மேல் விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரை 500 மி.மீ., மொத்த உயரம் 550 மி.மீ. அடியில் 20 மி.மீ. கம்பி மூன்று, பரப்பு 942.5 சதுர மி.மீ. மொமென்ட் 80 கிலோநியூட்டன் மீட்டர். கம்பிக்கும் கான்கிரீட்டுக்குமான மீட்சிக் குணக விகிதம் n = 10 என்று கொடுத்திருக்கிறார்கள்.

```
150x² = 9425(500 − x)
x = 148.6 mm
I = 300(148.6)³/3 + 9425(351.4)² = 1492×10⁶ mm⁴
```

பிறகு My/I போட்டேன். மேல் விளிம்பில் கான்கிரீட்டுக்கு 7.97, கம்பிக்கு 18.8 மெகாபாஸ்கல் வருகிறது. கான்கிரீட் தன் வலிமையில் கணிசமான பங்கைச் சுமக்கும்போது கம்பி மட்டும் சும்மா இருப்பதுபோல் தெரிகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், பிழை எங்கே என்று பிடிபடவில்லை.

கம்பிவளைவு:
பிழை தொடக்கத்திலேயே இருக்கிறது. கம்பி இருக்கும் இடத்தில் கான்கிரீட் இல்லை அல்லவா? அந்தப் பரப்பைக் கழித்து n − 1, அதாவது 9 என்று எடுக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

தூண்மகன்:
415 தரக் கம்பி என்றால் கவலை வேண்டாம். மொமென்ட்டை 1.5 ஆல் பெருக்கி இறுதி வலிமையோடு ஒப்பிடுங்கள். இந்த உத்திரம் தாராளமாகத் தாங்கும்.

இளவேனில்:
தாங்குமா என்பது என் கேள்வி இல்லை. விரிசல் அகலத்தைச் சரிபார்க்கப் பணிச்சுமையில் கம்பியின் தகைவு வேண்டும்.

அடித்தளம்:
இளவேனில், உங்கள் x சரி, I சரி. கடைசி வரியில்தான் சறுக்கியிருக்கிறீர்கள். உருமாற்றிய வெட்டுமுகத்தில் கம்பியே இல்லை. அதன் இடத்தில் பத்து மடங்கு பரப்புள்ள கற்பனைக் கான்கிரீட் இருக்கிறது. 18.8 அந்தக் கற்பனைக் கான்கிரீட்டின் தகைவு. அதே உயரத்தில் இரண்டுக்கும் திரிபு ஒன்றே என்பதால் உண்மைக் கம்பியின் தகைவு அதைப்போல் n மடங்கு, அதாவது 188 மெகாபாஸ்கல்.

இதை நீங்களே கண்டுபிடித்திருக்க ஒரு வழி உண்டு. விசைகளைக் கூட்டிப் பாருங்கள். மேலே அழுத்தம் 0.5 × 7.97 × 300 × 148.6, சுமார் 178 கிலோநியூட்டன். கீழே உங்கள் 18.8 ஐ 942.5 ஆல் பெருக்கினால் 18 கூட வராது. உத்திரத்தில் அச்சு விசை கிடையாது, ஆகவே இரண்டும் சமமாகத்தான் இருக்க வேண்டும். 188 என்று போடுங்கள், 178 வந்து நிற்கும்.

கம்பிவளைவு சொல்லும் n − 1 விரிசல் விடாத வெட்டுமுகத்துக்குப் பொருந்தும். அங்கே கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையும் கணக்கில் சேர்க்கிறோம், அதனால் கம்பி பிடித்த இடத்தைக் கழிக்கிறோம். விரிசல் விட்ட பிறகு நடுநிலை அச்சுக்குக் கீழே கான்கிரீட்டைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்காததை எப்படிக் கழிப்பது?

கம்பிவளைவு:
ஏற்கிறேன். ஆனால் விரிசல் விட்டிருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அடித்தளம்:
கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் n − 1 இங்கேதான் பயன்படுகிறது. முழு வெட்டுமுகத்துக்கு நடுநிலை அச்சு மேலிருந்து 286 மி.மீ., I = 4568×10⁶. அடி விளிம்பில் இழுவை 4.6 மெகாபாஸ்கல். 25 மெகாபாஸ்கல் கான்கிரீட் வளைவில் ஏறக்குறைய 3.5 இல் கிழிந்துவிடும். 61 கிலோநியூட்டன் மீட்டரிலேயே விரிசல் தொடங்கியிருக்கும்.

தூண்மகன்:
கேள்வியைத் தவறாகப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். எனக்கும் ஒரு சந்தேகம்: n = 10 எங்கிருந்து வருகிறது? என் உத்திரம் பல ஆண்டுகளாக நிலைச்சுமையில் நிற்கிறது. 200 ஐ 25 ஆல் வகுத்தால் 8 தானே?

அடித்தளம்:
25 ஜிகாபாஸ்கல் குறுகிய காலச் சுமைக்கான குணகம். நீண்ட காலச் சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்ல மேலும் சுருங்கிக்கொண்டே போகும், அதனால் n ஏறும். இதே உத்திரத்துக்கு n = 18 என்று போட்டேன்: x 188 மி.மீ. ஆகிறது, கான்கிரீட்டின் தகைவு 6.5 ஆக இறங்குகிறது, கம்பியின் தகைவு 194 ஆகிறது. கம்பி அவ்வளவாக அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். நெம்புகரம் 450 இலிருந்து 437 ஆகத்தான் குறைகிறது. எனவே விரிசல் கணக்குக்கு n ஐப் பற்றி அதிகம் வருந்த வேண்டாம். தொய்வுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

கம்பிவளைவு:
நிலைச்சுமை பாதி, வந்துபோகும் சுமை பாதி என்றால்? ஒரே n ஐ இரண்டுக்கும் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

அடித்தளம்:
எனக்கும் முழுதாக ஒப்பவில்லை. நான் இரண்டு எல்லைகளுக்கும் தனித்தனியே போட்டுப் பாதகமானதை எடுத்துக்கொள்கிறேன். இடைப்பட்ட மதிப்பு ஒன்றை எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இளவேனில்:
விசைகள் சமமாகிவிட்டன: 177.6, 177.6. கம்பிக்கு 188 ஐயும் 194 ஐயும் வைத்து விரிசல் அகலத்தை இரண்டு முறை போடப் போகிறேன். n ஐ விட்டது முந்தைய இரண்டு உத்திரங்களிலும் நடந்திருக்கிறது, அவற்றையும் திறந்து பார்க்க வேண்டும்.