செலைன் பாட்டிலில் 308, மெஷினில் 286: உப்புக் கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

லேப்_மதுரை

மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் புதிதாக ஒரு ஆஸ்மோமீட்டர் வந்திருக்கிறது, உறைநிலையை வைத்து அளக்கிற வகை. ரத்த சீரத்தையும் சிறுநீரையும் அதில் ஓட்டுவதற்கு முன்னால் கைக்குக் கிடைத்த சாதாரண செலைனை ஓட்டிப் பார்த்தேன். பாட்டில் லேபிளில் ஒரு லிட்டருக்கு 308 மில்லி ஆஸ்மோல் என்று போட்டிருக்கிறது. மெஷின் காட்டியது 286. வேறு கம்பெனி பாட்டிலைத் திறந்து ஓட்டினால் 287. 290 ஸ்டாண்டர்டு கரைசல் சரியாக 290 காட்டுகிறது, அதனால் மெஷின் மேல் பழி போட முடியாது.

லேபிள் கணக்கு எனக்குப் புரிகிறது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, மோல் எடை 58.44, ஆக 154 மில்லி மோல். ஒவ்வொன்றும் ஒரு சோடியம் அயனி, ஒரு குளோரைடு அயனி என்று இரண்டாகப் பிரிகிறது, 154 இரண்டு தடவை 308. பிரிவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் பாதிதான் வரும், அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டால் பெருக்கினாலும் 22 அதிகமாக இருக்கிறதே, அது எங்கே போயிற்று? கணக்கும் அளவும் இப்படி ஒத்துப்போகாத அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள்.

நீட்_2வது_முயற்சி

அக்கா, இது வாண்ட் ஹாஃப் காரணி. NaCl-க்கு i = 2 என்பது முழுசாகப் பிரிந்தால்தான். உங்கள் அளவை வைத்துப் பார்த்தால் 286-ஐ 154-ஆல் வகுத்தால் 1.86 வருகிறது. i = 1 + α, அதனால் α = 0.86. அதாவது 86 சதவீத உப்புதான் பிரிந்திருக்கிறது, மீதி 14 சதவீதம் அப்படியே NaCl மூலக்கூறாகக் கரைந்து கிடக்கிறது. எங்கள் கோச்சிங்கில் இந்த மாதிரிக் கணக்கு நிறைய போட்டிருக்கிறோம், K2SO4 80 சதவீதம் பிரிந்தால் i = 2.6 என்று.

ஊற்றுநீர்

எங்கள் வீட்டு போர் தண்ணீர் டிடிஎஸ் 2000. ஆர்ஓ மெஷின் போட்டும் நல்ல தண்ணீர் ரொம்ப மெதுவாகத்தான் சொட்டுகிறது, கழிவு தண்ணீர் மட்டும் கொட்டுகிறது. இந்த சவ்வூடுபரவல் அழுத்தம்தான் காரணம் என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா? மெம்பரேன் மாற்றச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_விரிவுரையாளர்

தம்பி (நீட்), உங்கள் கணக்கு சரி, அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் சரியில்லை. தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் செலைனில் NaCl மூலக்கூறு 14 சதவீதம் மிதக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

அர்ரேனியஸ் 1887-இல் சொன்னது நீங்கள் சொல்வதைத்தான். வாண்ட் ஹாஃப் அதே வருடம் சர்க்கரைக்குப் பொருந்துகிற விதியை எழுதிவிட்டு, உப்புகளுக்கு மட்டும் i என்று ஒரு எண்ணைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அர்ரேனியஸ் காரணம் கொடுத்தார்: உப்பு கரைசலிலேயே அயனியாகப் பிரிகிறது, ஓரளவுக்குப் பிரிகிறது. அசிட்டிக் அமிலம் மாதிரி வலுவற்றவற்றுக்கு அது இன்றைக்கும் சரி. சாப்பாட்டு உப்புக்குத்தான் இடிக்கிறது.

ஏன் என்று என் கையால் பார்த்ததைச் சொல்கிறேன். எம்.பில். படிக்கும்போது ஆவி அழுத்தத்தைச் சமப்படுத்தும் முறையில் வேலை செய்தேன். காற்றை இழுத்து எடுத்த மூடிய பாத்திரத்துக்குள் சின்னச் சின்ன வெள்ளிக் கிண்ணங்கள், சிலவற்றில் பொட்டாசியம் குளோரைடு, சிலவற்றில் சோடியம் குளோரைடு. வெப்பநிலை 25 டிகிரியில் அசையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் போய், எல்லாக் கிண்ணத்திலும் ஆவி அழுத்தம் சமமாகிற வரை நாள் கணக்கில் காத்திருந்து, கடைசியில் எடை போட்டுப் பார்க்க வேண்டும். அதிலிருந்து i கிடைக்கும்.

சோடியம் குளோரைடுக்கு 0.1 மோலாலில் 1.86. அரை மோலாலில் 1.84. சரி, செறிவு கூடக் கூடப் பிரிவது குறைகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். 1 மோலாலில் 1.87. ஏறுகிறது! 3 மோலாலில் 2.09. உங்கள் சூத்திரத்தில் போட்டால் α 109 சதவீதம். நூற்றுக்கு நூற்றொன்பது எப்படிப் பிரியும்? கரைய முடிந்த மட்டும் உப்பைப் போட்டு, 6 மோலாலுக்குக் கொண்டுபோனால் 2.5 வருகிறது.

இந்த இடத்தில் "ஓரளவு பிரிகை" என்ற விளக்கம் உடைந்துபோகிறது. உப்பு முழுசாகவே பிரிகிறது. ஆனால் பிரிந்த அயனிகள் ஒன்றை ஒன்று மறந்துவிடுவதில்லை. ஒரு சோடியத்தைச் சுற்றி எப்போது பார்த்தாலும் சோடியத்தைவிடக் குளோரைடு கொஞ்சம் அதிகமாக இருக்கும். அந்த இழுப்பினால் அவை முழுச் சுதந்திரமான துகள்கள் மாதிரி நடந்துகொள்வதில்லை, அழுத்தம் குறைகிறது. டிபையும் ஹூக்கலும் 1923-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். செறிவு ரொம்பக் கூடும்போது வேறு விஷயம் மேலே வருகிறது: அயனிகள் தங்களைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அயனிகளே இடத்தையும் அடைக்கின்றன, கட்டில்லாத தண்ணீர் குறைகிறது, அழுத்தம் கணக்கைத் தாண்டி ஏறுகிறது. இந்த இரண்டும் எதிரெதிராக வேலை செய்வதால்தான் முதலில் இறங்கிப் பிறகு ஏறுகிறது.

அதனால் மதுரைத் தங்கச்சி, உங்கள் 308-ஐ 1.86-இல் பாதியான 0.93-ஆல் பெருக்குங்கள். 286.

கடல்நீர்_ஆப்பரேட்டர்

ஊற்றுநீர் அண்ணே, 2000 டிடிஎஸ்ஸுக்கு எதிர் அழுத்தம் சுமார் 1.5 பார்தான். எல்லாமே சாப்பாட்டு உப்பு என்று வைத்துக்கொண்டால் 1.6 வரும். வீட்டு மெஷினின் பம்ப் 5, 6 பார் கொடுக்கும். ஆக மெக்கானிக் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழுக் காரணம் அதுவல்ல. முதலில் மெம்பரேனுக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் நன்றாக இருந்தும் சொட்டுகிறதென்றால் மெம்பரேனில் சுண்ணாம்பு படிந்திருக்கும். அதைப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

என் அனுபவம் கடல்நீர் ஆர்ஓ. சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருப்பது போன்ற ஆலைதான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 25 டிகிரியில் எதிர் அழுத்தம் 26 பார் பக்கம். வேலைக்குச் சேரும் டிப்ளமோ பையன்கள் அயனி பிரிவதை விட்டுவிட்டு 13, 14 பார் என்று கணக்குப் போடுவார்கள். அந்த அழுத்தத்தில் பம்பை ஓட்டினால் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் வராது, நல்ல தண்ணீர்தான் உப்புப் பக்கம் திரும்பிப் போகும்.

அதைவிட முக்கியம், 26-ஐத் தாண்டினால் போதும் என்று நினைக்கக் கூடாது. நூறு லிட்டர் கடல்நீரில் நாற்பதை நல்ல தண்ணீராக எடுத்துவிட்டால் மீதி அறுபது லிட்டரில் அதே உப்பு. லிட்டருக்கு 58 கிராம் ஆகிவிடுகிறது. மெம்பரேன் குழாயின் கடைசி முனையில் எதிர் அழுத்தம் 45 பார் பக்கம் வந்துவிடும். அதனால்தான் உள்ளே போகும் அழுத்தம் 60 பார் அளவில் வைக்கிறோம். சார் சொன்ன 1.84, 1.87 எல்லாம் எங்கள் எல்லைக்குள்ளேதான், அதனால் 2 என்று போட்டு ஏழெட்டு சதவீதம் கழித்துக்கொண்டால் எங்களுக்கு ஓடும்.

லேப்_மதுரை

சார், நன்றி. எங்கள் டாக்டர் கேட்டதும் இதுதான், 308 என்றால் ரத்தத்தைவிட அடர்த்தியாக இருக்கிறதே, எப்படி "சமச்செறிவு" என்று ஏற்றுகிறோம் என்று. ரத்த சீரம் இதே மெஷினில் 275-இலிருந்து 295 வரை. செலைன் 286. நடுவில் அழகாக உட்கார்ந்துவிடுகிறது. லேபிள் எண்ணும் மெஷின் எண்ணும் வேறு வேறு வகை என்று இப்போது புரிகிறது. 37 டிகிரியில் அழுத்தமாகப் போட்டுப் பார்த்தேன், 7.8 வளிமண்டலம் என்று நினைத்தது 7.3 ஆகிறது. அதுவே 75 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தம், சிவப்பணு வெறும் தண்ணீரில் விழுந்தால் ஏன் வெடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மெஷினில் அந்த நொடியைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போயும் செலைன் உறையாமல் தெளிவாக நிற்கும். ஊசி ஒரு உதறு உதறும், சட்டென்று மொத்தமும் வெள்ளைப் பனிக்கூழ் ஆகிவிடும், வெப்பநிலை குதித்து மேலே வந்து மைனஸ் 0.53-இல் நிற்கும். அந்த 0.53-ஐத் தண்ணீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலியான 1.86-ஆல் வகுத்தால்தான் நம் எண், இது மேலே வந்த i இல்லை.

இன்னொன்றையும் ஓட்டினேன், இங்கேதான் மறுபடியும் குழப்பம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், லேபிளில் 278. அது அயனியாகப் பிரியாது, அதனால்தான் உப்பு 9 கிராம் போடும் இடத்தில் இது 50 கிராம் வேண்டியிருக்கிறது. பிரியாத பொருளுக்கு லேபிளும் மெஷினும் ஒத்துப்போக வேண்டுமே? மெஷின் காட்டியது 289. இது கூடுகிறது!

ஓய்வுபெற்ற_விரிவுரையாளர்

நல்ல வேலை செய்தீர்கள். லேபிள் ஒரு லிட்டர் கரைசலுக்குச் சொல்கிறது, மெஷின் ஒரு கிலோ தண்ணீருக்குச் சொல்கிறது. 50 கிராம் குளுக்கோஸ் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்த ஒரு லிட்டரில் தண்ணீர் 967 கிராம் அளவுதான் இருக்கும். 278-ஐ 0.967-ஆல் வகுத்துப் பாருங்கள், 287. மிச்சம் ஒன்றிரண்டு குளுக்கோஸும் தண்ணீரும் முழு லட்சியக் கரைசலாக இல்லாததால் வருவது, மெஷினின் பிழையும் அதற்குள் அடங்கும். செலைனில் உப்பு 9 கிராம் மட்டும் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, ஒன்றுக்கும் கொஞ்சம் அதிகம் அவ்வளவுதான்.

நீட்_2வது_முயற்சி

சார், 109 சதவீதம் பார்த்ததும் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு உப்புகூட ஜோடியாகச் சேர்ந்து கிடக்காதா? மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கு i ரொம்பக் குறைவு என்று எங்கேயோ பார்த்தேன்.

ஓய்வுபெற்ற_விரிவுரையாளர்

நியாயமான கேள்வி. 0.1 மோலாலில் அதற்கு 1.2 தான், இரண்டுக்கு எவ்வளவோ கீழே. மின்சுமை இரண்டுக்கு இரண்டு என்பதால் இழுப்பு பலமானது, அங்கே அயனி ஜோடிகள் உண்மையாகவே உருவாகின்றன. ஆனால் அந்தக் குறைவில் எவ்வளவு ஜோடியால், எவ்வளவு தூரத்து இழுப்பால் என்று பிரிப்பது, எவ்வளவு நெருங்கினால் ஜோடி என்று நீங்கள் எங்கே கோடு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆளுக்கொரு இடத்தில் கோடு போடுகிறார்கள், எண்ணும் அதற்கேற்ப மாறுகிறது. ஆஸ்மோமீட்டர் அதைச் சொல்லாது, அது மொத்தத்தை மட்டும்தான் பார்க்கும்.

லேப்_மதுரை

மெக்னீசியம் சல்ஃபேட் பாட்டில் எங்கள் ஸ்டோரில் இருக்கிறது. படிக நீர் ஏழு சேர்த்து எடை போட்டு 0.1 மோலால் கரைத்து ஓட்டுகிறேன், 120 பக்கம் வருகிறதா என்று இங்கே போடுகிறேன். கால்சியம் குளோரைடு யாராவது ஓட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊற்றுநீர்

கேஜ் வைத்துப் பார்த்தார்கள். 2 பார்தான் வருகிறதாம், முன் ஃபில்டர் அடைத்திருக்கிறது. முதலில் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.